டீக்குள் கிடந்த டோஸ்ட்

இங்கிலாந்தில் பகுதிநேர நர்சிங் பட்டப்படிப்பில் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் முதியோரைப் பராமரிக்கும் கேர் ஹோம்களில் கேரராக, அதாவது பராமரிப்பு உதவியாளராக, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். கேரளா, தமிழ்நாடு, நைஜீரியா, ஜிம்பாப்வே என்று பல ஊர்க்காரர்கள். விசா முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் வேலை நேரத்தை நினைத்தபடி குறைத்துக்கொள்ள அவர்களால் முடியாது.

இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய வகுப்பில் 2,300 மணி, பிளேஸ்மென்ட் என்ற நேரடிப் பயிற்சியில் 2,300 மணி முடிக்க வேண்டும். சம்பளத்துக்குப் பார்க்கும் கேரர் ஷிப்டை அப்படியே பிளேஸ்மென்டாகக் காட்ட முடியாது. பிளேஸ்மென்டில் மாணவர் வார்டின் ஆள்கணக்கில் சேராமல், கற்றுக்கொள்ள மட்டும் நிற்க வேண்டும் என்பது விதி. வாரம் இரண்டு ஷிப்ட், இடைவேளை போக பதினொன்றரை மணி என்று வைத்தால் 100 வாரம் ஆகும். அதற்கு மேல் கேர் ஹோம் வேலை. இந்தக் கணக்கை நாங்கள் முதலில் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை. முழுநேரப் பாடத்திட்டத்தையே நீட்டி, பகுதிநேரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

நீட்டியதில் முதல் பருவம் முழுக்கக் குளிப்பாட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது, ஊட்டிவிடுவது என்று போனது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்தவர்களுக்கு, இரவெல்லாம் செய்துவிட்டு வந்த வேலையையே பொம்மையின் மேல் செய்து காட்டிக்கொண்டிருந்தோம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவரால்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கேர் ஹோமில் தான் பார்த்த ஒரு காலையை நியூஸ் 2 கணக்கில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். மூச்சு, ஆக்சிஜன், பிபி, நாடி, காய்ச்சல், நினைவு ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்கும் அட்டவணை அது. அவர் கொண்டுவந்தது எண்பது தாண்டிய ஒரு தாத்தாவின் கணக்கு. மூச்சு நிமிடத்துக்கு 22, அதற்கு 2 புள்ளி. ஆக்சிஜன் 95, மேல் பிபி 108, நாடி 96, மூன்றுக்கும் ஒவ்வொன்று. காய்ச்சல் 37.8, புள்ளி இல்லை. நினைவுக்கு 'விழிப்பு' என்று குறித்து பூஜ்யம் போட்டிருந்தார். மொத்தம் 5.

கணக்கு சரி. சும்மா பேச்சுக்கு, "தாத்தா அன்றைக்கு எப்படி இருந்தார்?" என்று கேட்டேன்.

"டோஸ்டை எடுத்து டீக்குள் போட்டுவிட்டார், மேடம். தினமும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு யாரோ மாதிரி பார்த்தார்."

"அதை ஏன் எழுதவில்லை?"

"கண் திறந்து பேசிக்கொண்டுதானே இருந்தார்? அதெல்லாம் நர்ஸ் சொல்ல வேண்டியதில்லையா?"

புதிதாக வந்த குழப்பத்துக்கு அந்த அட்டவணையில் தனியாக 3 புள்ளி உண்டு. சேர்த்தால் 8. ஐந்தென்றால் மருத்துவர் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஏழோ அதற்கு மேலோ என்றால் அவசரநிலை. அந்த மூன்று புள்ளியும் அவர் கண்ணில் இருந்தது, தாளில் வரவில்லை. பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கேரர் வேலை அவருக்கு அப்படித்தான் பழக்கிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் முதல் பருவத்தைக் கலைத்துப் போட்டோம். குளிப்பாட்டுவது, புரட்டுவது எல்லாவற்றையும் ஆரம்ப வாரங்களிலேயே சோதித்துவிடுகிறோம். தவறான பழக்கம் இருந்தால் மட்டும் திருத்துகிறோம். மிச்சமான நேரம், கண்ணில் பட்டதை முடிவாக மாற்றுவதற்கு. இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில், அவர் காதில் வாங்காவிட்டால் அடுத்து யாரிடம்? வகுப்புகளையும் நைட் ஷிப்டுக்கு மறுநாளிலிருந்து நகர்த்தினோம்.

பிளேஸ்மென்டில்தான் இன்னும் சிக்கல். வார்டில் ஆள் குறைந்த நாளில் கைதேர்ந்த கேரர் ஒருத்தர் மாணவியாக நின்றால் அவரை யார் சும்மா விடுவார்கள்? அவருக்கும் மறுத்துப் பழக்கமில்லை. பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்: மணிக்கணக்கு நிறைந்திருக்கும், மருந்து கொடுப்பது, ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் சொல்வது என்ற இடங்களில் கையெழுத்து இருக்காது. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முடிவையாவது எழுதி, மேற்பார்க்கும் நர்ஸிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறோம். சில வார்டுகளில் நடக்கிறது. சிலவற்றில் நான் நேரில் போய்ப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது முதல் வகுப்பை அந்தத் தாத்தாவின் காலை உணவோடுதான் தொடங்குகிறேன். போன முறை ஒரு நைஜீரிய மாணவர் கேட்டார்: "ஏற்கெனவே மறதி நோய் இருப்பவரென்றால் புதுக் குழப்பம் என்று எப்படிச் சொல்வது?" நல்ல கேள்வி. நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அது தெரிந்தவர் தினமும் அவருக்கு டீ கொடுக்கிற ஆள். அந்த வாரமே வீட்டுப்பாடத்தை மாற்றினேன்: தான் கவனித்துக்கொள்ளும் ஒருவர், பெயர் போடாமல், நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருப்பார் என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும்.