எட்டு மணிப் பதிவு

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் அக்கா கடையில் முறுக்கு டின் மதியமே தீர்ந்துவிட்டது. இரவு 8 மணிக்கு "இன்றே ஆர்டர் செய்யுங்கள்" என்று ஃபேஸ்புக்கில் பதிவு ஏறுகிறது. பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒருவர்: "சரக்கே இல்ல, பிறகு எதுக்கு அக்கா கூப்பிடுறீங்க?" அக்கா என்னைத்தான் பார்த்தார். பதிவு தானாக நிற்கும்படி செய்து கொடுத்தவன் நான்தானே.

அக்காவின் இணையக் கடை வூகாமர்ஸ் மென்பொருளில் ஓடுகிறது. பொருள் விவரம் மாறினால் வெப்ஹூக் என் சர்வருக்குத் தகவல் அனுப்பும். சரக்கு தீர்ந்திருந்தால் சர்வர் அந்தப் பொருளின் பதிவுகளை நிறுத்தும். சோதித்தபோது ஒரு குறையும் இல்லை.

போய்ப் பார்த்தால் வெப்ஹூக்கின் நிலை Disabled. நானும் தொடவில்லை, அக்காவும் தொடவில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது. தொடர்ந்து ஐந்து தடவைக்கு மேல் தகவல் போய்ச் சேராவிட்டால் வூகாமர்ஸே அதை அணைத்துவிடும். முந்தின இரவு என் சர்வர் சில மணி நேரம் படுத்திருந்தது. அக்கா அன்றைக்கென்று உட்கார்ந்து பலகார விலைகளை ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். காலையில் சர்வர் எழுந்துவிட்டது, வெப்ஹூக் எழவில்லை.

தகவல் வரும் என்று காத்திருப்பதை அன்றோடு விட்டேன். இப்போது பதிவுகளை ஃபேஸ்புக்கிடம் முன்கூட்டியே ஒப்படைப்பதில்லை. வரிசை என்னிடமே இருக்கிறது. போடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு ஸ்கிரிப்ட் கடையைக் கேட்கிறது:

```
GET /wp-json/wc/store/v1/products/412
```

பதிலில் `is_in_stock` என்பது `true` என்றால்தான் பதிவு போகும். பதிலே வராவிட்டாலும் போகாது.

பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒருமுறை ஏமாந்தேன். பக்கம் சரியாகத் திறந்தது என்று சர்வர் சொல்லும் 200 குறியீடு வந்தால் போதும் என்று எழுதியிருந்தேன். சரக்கு தீர்ந்த பக்கமும் 200தான் தரும். அதைவிட மோசம், காணாமல் போன பக்கங்களை முகப்புக்குத் திருப்பும் பிளக்இன் ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். பக்கத்தை அழித்த பிறகும் ஸ்கிரிப்ட் முகப்புக்குப் போய் 200 வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பியது. இப்போது திருப்பிவிட்டால் பின்தொடர்வதில்லை; வேறு முகவரிக்குப் போ என்னும் 301 வந்தாலே நிறுத்தம். ஆனால் ஒரு தடவை தாமதமானதற்கெல்லாம் நிறுத்தக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் முடிந்து திங்கள் காலை புதுச் சரக்கு வந்தது. நின்றிருந்த ஒன்பது பதிவுகளும் ஒரே மூச்சில் ஏறின, "இன்று இரவு வரை மட்டும்" என்ற சனிக்கிழமைச் சலுகையும் சேர்த்து. நேரம் தாண்டி இரண்டு மணி நேரமானால் அந்தப் பதிவைக் கைவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு அக்கா அந்தச் சலுகை விலைக்கே நான்கு டின் கொடுத்து அனுப்பினார்.