மஞ்சப்பை இயந்திரத்துக்கு மூரா, மீலியா?

வேலூர் சத்துவாச்சாரியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு மஞ்சப்பை இயந்திரம் செய்யும் வேலை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு, பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் பல ஊர்ச் சந்தைகளுக்கு வந்துவிட்டன. எங்களுக்கு வந்தது நேதாஜி மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பத்து ரூபாய் நாணயம் மட்டும் போதாது, ஐந்து ரூபாயும் எடுக்க வேண்டும். காரணம் புரிந்ததுதான். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் நம்ம பக்கம் பாதிப் பேர் அதைக் கையில் வாங்குவதில்லை.

ஐந்து ரூபாய் வந்ததும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு நினைவு தேவைப்படுகிறது. இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று அது வைத்திருக்க வேண்டும். அதற்கு ஸ்டேட் மெஷின், அதாவது இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை வைத்துக்கொண்டு, இன்புட்டைப் பார்த்து அடுத்த நிலைக்குப் போகும் சுற்று. அந்த நிலைதான் ஸ்டேட். அதை எழுத இரண்டு வழி. மூர் வகையில் அவுட்புட் இப்போதைய ஸ்டேட்டை மட்டும் பார்க்கும். மீலி வகையில் ஸ்டேட்டோடு, அந்த நொடியில் வரும் இன்புட்டையும் பார்க்கும். (1955-இல் மீலியும் 1956-இல் மூரும் எழுதியவை, இருவருமே பெல் ஆய்வகத்துக்காரர்கள்.)

தாளில் போட்டுப் பார்த்தால் மீலி அழகாக இருந்தது. இரண்டே ஸ்டேட்: S0 என்றால் காசு இல்லை, S5 என்றால் ஐந்து ரூபாய் இருக்கிறது. S0-இல் ஐந்து வந்தால் S5-க்குப் போ. S0-இல் பத்து வந்தால் பையைக் கொடு, அங்கேயே இரு. S5-இல் ஐந்து வந்தால் பையைக் கொடுத்துவிட்டு S0-க்குத் திரும்பு. S5-இல் பத்து வந்தால் பையோடு ஐந்து ரூபாய் மிச்சமும் கொடு. ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஒரே ஃபிளிப்ஃப்ளாப்பில் முடிந்துவிடும். மூரில் 'பத்து சேர்ந்தது', 'பதினைந்து சேர்ந்தது' என்று இன்னும் இரண்டு ஸ்டேட் வேண்டும், ஏனென்றால் பையைக் கொடு என்பதைச் சொல்லத் தனியாக ஒரு ஸ்டேட்டில் நின்றாக வேண்டும்.

பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுல முடியறத எதுக்குப்பா நாலா இழுக்கற?" என்றார். "மோட்டார மாட்டிப் பாத்துட்டு சொல்றேண்ணே," என்றேன். சின்ன எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றுவதால் ஃபிளிப்ஃப்ளாப் ஒன்றா இரண்டா என்பதில் காசு ஒன்றும் மிச்சமில்லை. பார்க்க வேண்டியது நேரத்தை.

கிளாக்கை 1 கிலோஹெர்ட்ஸ் வைத்திருந்தேன், அதாவது ஒரு கிளாக்கின் நீளம் 1 மில்லிசெகண்ட். நாணயப் பெட்டியில் ஐந்துக்கு ஒரு கம்பி, பத்துக்கு ஒரு கம்பி. காசு விழுந்தால் அந்தக் கம்பியில் சுமார் 100 மில்லிசெகண்ட் துடிப்பு வரும். அதை நேராக உள்ளே விட்டால் ஒரே ஐந்து ரூபாயை நூறு தடவை எண்ணிவிடும். S0, S5 என்று மாறி மாறி ஓடிப் பையாகத் தள்ளும். இது இரண்டு வகைக்கும் பொது. அதனால் துடிப்பை முதலில் கிளாக்கோடு சேர்த்து, அது ஏறும் முனையில் மட்டும் ஒரே ஒரு கிளாக் நீளத்துக்கு, ஐந்துக்கு F, பத்துக்கு T என்ற சிக்னல் உயரும்படி செய்தேன்.

இங்கேதான் மீலியின் இரண்டு ஸ்டேட் கணக்கு உடைகிறது. அதன் 'பையைக் கொடு' அவுட்புட், F அல்லது T இருக்கும்வரைதான் இருக்கும். அதாவது 1 மில்லிசெகண்ட். பையைத் தள்ளும் சுருள்கம்பி ஒரு முழுச் சுற்று சுற்ற எங்கள் மோட்டாருக்கு 2 செகண்ட் ஆகிறது. அவ்வளவு நேரம் யார் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருப்பது? வெளியே ஒரு லாட்ச் வைக்கலாம். ஆனால் அந்த லாட்ச்சும் ஒரு ஸ்டேட்தான், வரைபடத்தில் தெரியாமல் ஒளிந்திருக்கும், அவ்வளவே. கூடவே, மீலி அவுட்புட் இன்புட்டிலிருந்து வாயில்கள் வழியாக நேரே வருவதால், ஸ்டேட் மாறும் கணத்தில் நானோசெகண்ட் அளவில் ஒரு பொய்த் துடிப்பு எழலாம். மோட்டாருக்கு அது உறைக்காது, லாட்ச் பிடித்துக்கொள்ளும். முழுக் காசு போடாமலே பை விழும்.

மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்டேட்டை உள்ளேயே வைத்தேன். G என்றால் பை மட்டும். GC என்றால் பை தந்த பிறகு மிச்சமும் தர வேண்டும். C என்றால் மிச்சம் தள்ளும் மோட்டார். பையும் மிச்சமும் ஒரே நேரத்தில் ஓடினால் 12 வோல்ட் அடாப்டர் தாங்கவில்லை, அதனால் ஒன்றன்பின் ஒன்று. இப்போது மொத்தம் ஐந்து ஸ்டேட். மீலியாக எழுதினாலும் இதே ஐந்துதான் வரும். தாளில் மிச்சமானது மோட்டாரை மாட்டியதும் போய்விட்டது. முக்கியமான வரிகள் மட்டும் கீழே; st இப்போதைய ஸ்டேட், nx அடுத்த ஸ்டேட், hopper மிச்சம் தள்ளும் மோட்டார்.

```
S5: if (T)      nx = GC;
    else if (F) nx = G;
G:  if (h_rise) nx = S0;
GC: if (h_rise) nx = C;

motor   = (st == G) || (st == GC);
hopper  = (st == C);
inhibit = motor || hopper;
```

inhibit என்பது நாணயப் பெட்டிக்குப் போகும் கம்பி. மோட்டார் ஓடும்போது காசை ஏற்காதே என்று சொல்லும். மூன்று அவுட்புட்டும் st-ஐ மட்டும் பார்ப்பதைக் கவனியுங்கள், அதாவது இது மூர். ஏதாவது தப்பாக ஓடினால் st என்ன என்று மூன்று எல்இடியில் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

h_rise பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருள்கம்பி ஒரு சுற்று முடித்ததும் ஒரு சுவிட்சை அழுத்தும். நின்றிருக்கும்போதும் அந்தச் சுவிட்ச் அழுந்தியே இருக்கிறது. 'G-இல் இருக்கிறோம், சுவிட்ச் அழுந்தவில்லை, அப்போது மோட்டார் ஓடு' என்று மீலி பாணியில் எழுதினால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. ஆகவே சுவிட்ச் விடுபட்டு மறுபடி அழுந்தும் முனையைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம்: விடுபடும்போது தகடு துள்ளுகிறது, அந்தத் துள்ளலே 'மறுபடி அழுந்தியது' என்று தெரிகிறது. மோட்டார் ஒரு வெட்டு வெட்டி நின்றுவிட்டது, பை வரவில்லை, காசு போயிற்று. இந்த அறிகுறியைப் பார்த்தால் மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள், சுவிட்சைப் பாருங்கள். 20 மில்லிசெகண்ட் நிலையாக இருந்தால்தான் நம்பு என்று வைத்ததும் சரியானது. அதனால் சுவிட்ச் அழுந்திய பிறகும் மோட்டார் 20 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாக ஓடும்; 2 செகண்டுக்கு 360 டிகிரி என்றால் அது சுமார் 4 டிகிரி. பைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மூரில் அவுட்புட் ஒரு கிளாக் தாமதம் என்று பாடத்தில் சொல்வதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. 1 மில்லிசெகண்ட் தாமதத்தைப் பை வாங்குபவர் உணர மாட்டார். கல்லூரி லேபில் பட்டனை அமுக்கி ஒவ்வொரு கிளாக்காகக் கொடுக்கும்போதுதான் 'அடுத்த அமுக்கில்தானே வருகிறது' என்று அது பெரிய குறையாகத் தெரியும். காசு வந்த அதே கிளாக்கில் inhibit-ஐ ஏற்ற மீலி உதவுமா என்றும் யோசித்தேன். மிச்சமாவது அதே 1 மில்லிசெகண்ட். முதல் காசை ஒட்டியே இரண்டாவதை யாராவது தள்ளினால், அது ஏற்கெனவே சென்சாரைத் தாண்டியிருக்கும். எந்த வகையாலும் தடுக்க முடியாது. அதற்கு, G-இலோ GC-இலோ இருக்கும்போது வரும் காசைக் குறித்துவைக்க ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று தனி ஃபிளிப்ஃப்ளாப் போட்டு, S0 வந்ததும் அதை எண்ணச் செய்தேன்.

இன்புட்டைப் பார்க்கும் அவுட்புட் ஒன்று மட்டும் இருக்கிறது: காசு விழுந்ததும் 'பீப்' என்று ஒலிப்பது. F அல்லது T வந்ததும் அது ஒரு சின்ன டைமரைத் தட்டிவிடும். மூராக்க வேண்டுமானால் 'இப்போதுதான் காசு விழுந்தது' என்று, காசு விழுந்ததும் போய்ச் சேரும் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு இரட்டை வேண்டியிருக்கும். பொய்த் துடிப்பில் ஒரு பீப் அதிகமாக அடித்தால் கடைக்காரருக்குப் பை நஷ்டமில்லை.