உப்புத் தண்ணி ஊரில் ஷாம்பு விற்பது

வேலூர் சத்துவாச்சாரியில் பார்லர் நடத்துகிறேன். ஷாம்பு பற்றிய பேச்சைத் தலை அலசும்போதே பேசி முடித்துவிடுவேன். பில் போட்டு, பர்ஸைத் திறந்து நிற்பவரிடம் “இதையும் எடுத்துக்குங்க” என்று நீட்டினால் யாருக்கும் சங்கடம்தான். ஈர முடி கையில் இருக்கும்போது “வீட்ல போர் தண்ணியாம்மா?” என்று கேட்டால், அவர்களே மற்றதைச் சொல்லிவிடுவார்கள்.

ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஸ்மூத்தனிங் செய்த முடி சீக்கிரமே சொரசொரப்பாகிவிட்டது என்று வந்தாள். “அக்கா, வேற ஷாம்பு குடுங்க” என்றாள். ஹாஸ்டல் தண்ணியை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பாட்டிலில் அதையும், இன்னொரு பாட்டிலில் கேன் தண்ணியையும் பாதியளவு எடுத்து, குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கினோம். கேன் தண்ணி நுரைத்தது. ஹாஸ்டல் தண்ணியில் நுரையே இல்லை, வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது. இந்தச் சோதனைக்கு ஷாம்பு உதவாது. அது உப்புத் தண்ணியிலும் ஓரளவு நுரைப்பதால் வித்தியாசம் தெரியாது.

சோப்பை நுரைக்க விடாமல் செய்யும் கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் படிகின்றன. அவளிடம் ஏற்கெனவே சல்ஃபேட் இல்லாத ஷாம்பு பாதி பாட்டில் இருந்தது. அதையே தொடரச் சொல்லி, உப்புப் படிவை எடுக்கும் கீலேட்டிங் ஷாம்புவில் சின்ன பாட்டில் மட்டும் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். அடிக்கடி போட்டால் முடி வறண்டுவிடும் என்பதால், “டெய்லி போடக்கூடாது” என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டினேன். கடைசியாக ஒரு மக் மட்டும் கேன் தண்ணியில் அலசினாலே பாதி தொல்லை குறையும் என்றும் சொன்னேன். அந்த யோசனைக்குக் காசு கிடையாது.

எந்த பிராண்டை அடுக்குவது என்பதும் இந்தத் தண்ணியிலிருந்துதான் தொடங்குகிறது. லேபிளில் உப்பைப் பிடித்து எடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்று இருந்தால் மட்டும் போதாது. சரக்கு கெடாமல் இருக்கவே பல ஷாம்புகளில் அதைத் துளி சேர்ப்பார்கள், அப்போது பெயர் பட்டியலின் கடைசியில் கிடக்கும். அதனால் முதலில் ஒரு பாட்டில் வாங்கி, எங்கள் பேசினில் போர் தண்ணியிலேயே போட்டுப் பார்ப்பேன்.

அடுத்தது விலை. ஒரு டீலர் பத்துக்கு மூன்று இலவசம் என்று வந்தார். கணக்குப் பார்த்தால் பாட்டில் 560 ரூபாய் அடக்கம். போனில் தேடினால் அதே பாட்டில் 520. எங்களை நம்பி வாங்கியவர் அன்று ராத்திரியே அதைப் பார்ப்பார். மார்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எக்ஸ்பயரி ஆறு மாதத்துக்குள் என்றாலோ, விற்காததைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றாலோ வேண்டாம் என்றுவிடுவேன். மாதம் நான்கு போகிற இடத்தில் இருபத்துநான்கை அடுக்கினால், கடைசி பாட்டில்களைத் தள்ளிவிட நாமே வாடிக்கையாளரை நெருக்க ஆரம்பிப்போம்.

பார்லரில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பாட்டிலுக்கு இவ்வளவு கமிஷன் என்பதும் எங்களிடம் இல்லை. அது இருந்தால் எல்லா முடிக்கும் எல்லாமே தேவைப்படும். காலி பாட்டிலோடு வந்து அதையே மறுபடி கேட்பவர்களை மட்டும் நோட்டில் குறிக்கிறோம். அடுத்த ஆர்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் போகிறது.