எது நல்லது?

நேற்றிரவு உறவினர் ஒருவர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் இரண்டு வரைவுகளை ஒரே வாட்ஸ்அப் செய்தியில் ஒட்டி, கீழே "எது நல்லது?" என்று மட்டும் கேட்டிருந்தார். பிரிவு எண் மறுபடியும் 1 என்று தொடங்கிய இடத்தைக் கண்ட பிறகே முதல் வரைவு எங்கே முடிகிறது என்பது விளங்கியது. யாருக்கு நல்லது என்று அவர் சொல்லவில்லை. குடியேறப் போகிறவர் அவர்தான் என்பதால் வாடகைதாரரின் பக்கம் நின்றே படித்தேன்.

இரண்டாவதில் மாத வாடகை 18,000 ரூபாய், அதாவது முதலாவதைவிட 500 குறைவு. 11 மாதத்துக்கு 5,500 மிச்சம். ஆனால் முன்பணம் 90,000 ரூபாயை, காலி செய்த 15 நாளுக்குள், வழக்கமான தேய்மானம் நீங்கலான சேதத்துக்கு மட்டும் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்று முதலாவது சொல்ல, இரண்டாவதோ கெடு எதுவும் குறிக்காமல், "வர்ணம் பூச ஒரு மாத வாடகையும், உரிமையாளர் நிர்ணயிக்கும் சேதத் தொகையும்" கழிக்கப்படும் என்கிறது. வர்ணத்துக்கே 18,000 போய்விடும். "நிர்ணயிக்கும்" என்ற சொல்லுக்கோ உச்சவரம்பே இல்லை.

மேலும், இரண்டாவதன் 7ஆம் பிரிவு "இணைப்பில் கண்ட பொருட்கள்" என்கிறது, இணைப்பைக் காணோம். ஒட்டும்போது விடுபட்டதா, மூலத்திலேயே இல்லையா என்று கேட்டிருக்கிறேன். அதுவரை முதலாவதுதான் என்றும், முன்பணப் பிரிவை முதலாவதில் உள்ளபடி மாற்ற உரிமையாளர் இசைந்தால் இரண்டாவதையே எடுக்கலாம் என்றும் பதில் எழுதினேன்.