டூப்ளிகேட்டை நீக்கும் முன் குறிப்பைப் படியுங்கள்

விற்பனைப் பிரிவில் இன்டர்னாக லீட் பட்டியலை, அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்களின் பட்டியலை, சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். டூப்ளிகேட்டைப் பெயரை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும், ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். போன் எண்ணிலுள்ள இடைவெளி, கோடு, நாட்டுக் குறியீடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தனி நெடுவரிசையில் ஒரே வடிவமாக்கி, அதை ஒப்பிட வேண்டும்.

எக்செலின் Remove Duplicates முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். ஒருவர் மூன்று வரிகளில் இருந்தார்; "இனி அழைக்க வேண்டாம்" என்ற குறிப்பு கடைசி வரியில் மட்டும். அப்படியே அழித்திருந்தால் அவருக்கு மறுபடியும் போன் போயிருக்கும். அதனால் முதலில் குறிப்புகளை ஒரே வரியில் சேர்க்கிறேன், அப்புறம்தான் நீக்கம்.

போனில் பேச வேண்டிய ஸ்கிரிப்டும் இந்தப் பட்டியலிலிருந்தே வருகிறது. தொடர்பு எப்படிக் கிடைத்தது என்ற நெடுவரிசை நிரம்பியிருந்தால் முதல் வாக்கியம் தயார்: "வணக்கம், போன வாரம் எங்கள் தளத்தில் விலை விவரம் கேட்டிருந்தீர்கள். இரண்டு நிமிடம் பேசலாமா?" சரி என்றால் ஒரே கேள்வி: "இந்த வேலைக்கு இப்போது என்ன பயன்படுத்துகிறீர்கள்?" அதற்கு மேல் எழுதி வைத்தால் ஒப்பிப்பதுபோல் கேட்கிறது. இப்போது நேரமில்லை என்பவரிடம் எப்போது அழைக்கலாம் என்று கேட்டு, தேதியை அந்த வரியிலேயே பதிந்துவிடுகிறேன்.