அஞ்சு ரீடிங்ல ஒன்னு மட்டும் தனியா நின்னப்போ: டைட்ரேஷன் ரிப்போர்ட் அனுபவம்

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்ல போர்வெல் தண்ணியோட கடினத்தன்மை பாக்குற வேலை. 50 மில்லி தண்ணி எடுத்து, எரியோகுரோம் பிளாக் டி போட்டு, 0.01 மோலார் இ.டி.டி.ஏ வச்சு ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் டைட்ரேட் பண்ணணும். ஒரு கிணத்துத் தண்ணிக்கு மட்டும் செலவான இ.டி.டி.ஏ ரீடிங் மில்லில இப்படி வந்துச்சு: 12.40, 12.45, 12.50, 12.45, அப்புறம் 12.90.

யுஜி பிராக்டிக்கல்ல இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல, கன்கார்டன்ட் வேல்யூவ மட்டும் எழுதிட்டு ஒத்து வராதத அப்படியே விட்டுருவோம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இது ரிப்போர்ட்ல போற டேட்டா. பார்ட்னர் 12.90-ஐ அடிச்சிடலாம்னான், லேப் சீனியர் அக்கா "அடி, ஆனா ஒத்தைக் கோடு போட்டு அடி, நம்பர் படிக்கத் தெரியணும், பக்கத்துல ஏன்னு எழுது"ன்னாங்க. அந்த "ஏன்"தான் என்கிட்ட இல்ல.

முதல்ல டிக்சன் க்யூ டெஸ்ட் போட்டேன். சந்தேகப்படுற ரீடிங்குக்கும் அதுக்குப் பக்கத்து ரீடிங்குக்கும் உள்ள இடைவெளிய, மொத்த வீச்சால வகுக்கணும், அவ்ளோதான்.

```
Q = (12.90 - 12.50) / (12.90 - 12.40) = 0.80
```

அஞ்சு ரீடிங்குக்கு 95 சதவீத அளவுல டேபிள் வேல்யூ 0.710. நம்மளது அதவிட அதிகம், அதனால டெஸ்ட் "தூக்கலாம்"னு சொல்லுது. இதோட நிறுத்தாததுக்குக் காரணம் இருக்கு. மூணே ரீடிங் எடுத்து 12.40, 12.40, 12.45னு வந்தா க்யூ சரியா 1 வரும், டேபிள்ல மூணுக்கு 0.970, அப்போ ஒரே ஒரு சொட்டு வித்தியாசத்துல இருக்குற நல்ல ரீடிங்கயும் தூக்கச் சொல்லும். கம்மி ரீடிங்ல இந்த டெஸ்ட் சந்தேகத்தக் காட்டும், காரணத்தக் காட்டாது.

சரின்னு 0.4 மில்லிங்கற அளவையே வச்சு ஒவ்வொரு காரணமா கழிச்சுப் பாத்தேன். பியூரெட் நுனில காத்துக்குமிழியா? அது இவ்ளோ பெருசா இருக்காது. எண்ட் பாயிண்ட் தாண்டிட்டோமா? ஒரு சொட்டு சுமார் 0.05, அப்போ எட்டு சொட்டு தாண்டியிருக்கணும், கடைசில சொட்டு சொட்டா விட்டதா நோட்டுல இருக்கு. ஃபிளாஸ்க்ல ஏற்கனவே சாம்பிள் தண்ணி ஒட்டிட்டு இருந்துச்சா? 50 மில்லிக்கு 12.45னா 0.4-க்கு 1.6 மில்லி தண்ணி, இது நடக்கக்கூடியது.

பார்ட்னர்கிட்ட "அந்த கடைசி ஃபிளாஸ்க்க சாம்பிள்ல கழுவினியா"ன்னு கேக்கல, கேட்டா ஆமான்னுதான் சொல்லுவான். "ஒவ்வொரு ஃபிளாஸ்க்கும் எதுல கழுவின, வரிசையா சொல்லு"ன்னேன். நாலு வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர், அஞ்சாவதுக்கு வாஷ் பாட்டில் காலி, அதனால சாம்பிள் தண்ணிலயே அலசி ஊத்திட்டேன்னு அவனே சொன்னான். ஞாபகத்த மட்டும் நம்ப வேணாம்னு அதே ஃபிளாஸ்க்க காயவச்சு எடை போட்டு, தண்ணில அலசி ஒரு தடவ கவுத்திட்டு மறுபடி எடை போட்டோம், ஒன்னரை கிராம் கிட்ட தண்ணி நின்னுச்சு. பிப்பெட்ட சாம்பிள்ல அலசலாம், ஃபிளாஸ்க்க அலசக்கூடாதுன்னு எல்லாரும் படிச்சதுதான்.

இதுக்கு அப்புறம்தான் தூக்குறதுன்னு முடிவு பண்ணினேன். ரிப்போர்ட்ல டேபிள்ல அஞ்சு ரீடிங்கும் அப்படியே இருக்கு, 12.90 மேல ஒரு நட்சத்திரக் குறி, கீழ இப்படி எழுதினேன்: "அஞ்சாவது அளவீடு சராசரியில் சேர்க்கப்படவில்லை. குடுவை மாதிரி நீரால் அலசப்பட்டது, இது அளவீட்டுக்குப் பின் விசாரித்ததில் தெரிந்தது. க்யூ 0.80, வரம்பு 0.710 (95%). சேர்க்காமல் லிட்டருக்கு 249 மி.கி, திட்ட விலக்கம் 0.8. சேர்த்தால் 250.8, திட்ட விலக்கம் 4.1."

"அளவீட்டுக்குப் பின்"ங்கறத கைடு எடுத்துடலாமான்னு கேட்டார், நான் வைக்கணும்னு சொன்னேன், ஏன்னா ரீடிங் ஒத்து வரலன்ன பிறகு தேடின காரணம் அது, முன்னாடியே குறிச்சு வச்ச காரணத்தோட பலம் அதுக்குக் கிடையாது, படிக்கிறவங்களுக்கு அது தெரியணும். அவரும் விட்டுட்டார்.

நம்பரப் பாத்தா இன்னொன்னும் தெரியும். சராசரி ரெண்டு மி.கி கூட மாறல, குடிநீருக்கான ஐ.எஸ் 10500-ல ஏற்கத்தக்க அளவு 200, அனுமதிக்கிற அளவு 600, எப்படிப் பாத்தாலும் நம்ம தண்ணி நடுவுலதான் நிக்குது. மாறுறது திட்ட விலக்கம், அஞ்சு மடங்கு. அதாவது சொல்லாம தூக்கியிருந்தா தண்ணியப் பத்தின முடிவு தப்பாகாது, என் கைவேலை சுத்தம்ங்கற பொய்தான் ரிப்போர்ட்ல போயிருக்கும். வைவால எக்ஸ்டர்னல் கேட்டதும் இதத்தான், பார்ட்னருக்கு ஞாபகம் இல்லன்னா என்ன பண்ணியிருப்பன்னு. அஞ்சையும் வச்சுக்கிட்டு மீடியன் குடுத்திருப்பேன் சார், அதுவும் 12.45 மில்லிதான், அதாவது லிட்டருக்கு அதே 249 மி.கி, ஆனா திட்ட விலக்கம் 4.1னு போட்டிருப்பேன்னேன்.