சர்க்கரை 92, வயிற்றுச் சுற்றளவு 98: ஓர் இன்சுலின் பரிசோதனைக்கு மூன்று முறை ரத்தம் கொடுத்த அனுபவம்

இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினின் சொல்லை உடல் சரியாகக் கேட்காத நிலை, எனக்கு எவ்வளவு என்று சொல்லும் கணக்கில் முதல் முறை வந்த எண் 7.1. இரண்டாம் முறை 0.9. ஒரே மனிதனுக்கு, பன்னிரண்டு நாள் இடைவெளியில், ஒரே சேகரிப்பு மையத்தில் எடுத்த ரத்தத்தில் இவை வந்தன. முதல் எண்ணைப் பார்த்து இரண்டு இரவுகள் நான் தூங்கவில்லை. இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி என்று சொன்னேன். இரண்டுமே தவறான எண்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கோத்தகிரி போன்ற ஊரில் இருந்துகொண்டு இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 43. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. பார்த்தால் யாரும் பருமன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வயிற்றைச் சுற்றி அளந்தால் 98 செ.மீ. இருந்தது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.யும் பெண்களுக்கு 80 செ.மீ.யும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்வேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, மூன்று மாத சராசரி 5.4 என்று எல்லாம் சரியாகவே வந்தன. குன்னூரில் நான் பார்க்கும் டாக்டர் அம்மா மட்டும் திருப்தி அடையவில்லை. கழுத்தின் பின்புறம் மடிப்பில் தோல் கறுத்துத் தடித்திருப்பதையும், ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 210 ஆகவும் நல்ல கொழுப்பு 36 ஆகவும் இருப்பதையும் காட்டி, “உங்க சர்க்கரை நார்மலா இருக்கு, சரி. ஆனா அதை நார்மலா வெச்சிருக்க உங்க கணையம் எவ்வளவு பாடுபடுதுன்னு அந்த ரிப்போர்ட் சொல்லாது” என்றார். வெறும் வயிற்று இன்சுலினும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஒரே நேரத்தில் எடுத்து வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த ‘ஒரே நேரத்தில்’ என்ற சொல்லைத்தான் முதல் பயணத்தில் நானும் தவறவிட்டேன், மையத்தில் இருந்தவரும் தவறவிட்டார். “சுகர்தான் போன மாசமே எடுத்துட்டீங்களே சார், எதுக்கு வீண் செலவு” என்று சர்க்கரையை நீக்கிவிட்டு இன்சுலினுக்கு மட்டும் ரசீது போட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார், இல்லை என்றேன். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஐந்தரைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் டீ குடித்திருந்தேன். எங்கள் மலையில் காலை டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறே முக்காலுக்கு ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் வந்த இன்சுலின் அளவு 31.4.

இந்த இடத்தில் இன்சுலின் எதிர்ப்பை அளக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. நம் ஆய்வகங்கள் பயன்படுத்தும் அலகுகளில் அதன் வடிவம் இவ்வளவுதான்:

```
HOMA-IR = (இன்சுலின் × சர்க்கரை) ÷ 405
```

இன்சுலின் மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட்டிலும், சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் இருக்க வேண்டும். சில ஆய்வகங்கள் இன்சுலினைப் பிக்கோமோல் என்ற அலகில் தருகின்றன. அந்த எண்ணை ஏறத்தாழ ஆறால் வகுத்த பிறகே இதில் போட வேண்டும். நான் 31.4-ஐப் போன மாதத்து 92-ஆல் பெருக்கி 405-ஆல் வகுத்து 7.1 என்று கண்டேன். பொதுவாக 2.5-க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு இருப்பதாகக் கருதுகிறார்கள் என்று படித்திருந்ததால் பயந்துபோனேன்.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி டீயைப் பற்றியது. இரவு முழுவதும் ஒன்றும் உண்ணாதபோது கல்லீரல் மெல்ல மெல்லச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கணையம் இன்சுலின் சுரக்கும். இந்த இரண்டும் ஒரு சமநிலைக்கு வந்திருக்கும் நேரத்தில் எடுத்த ஒரு ஜோடி எண்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு கரண்டி சர்க்கரை உள்ளே போனதும் இன்சுலின் பல மடங்கு உயர்ந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கியிருக்காது. அதைப் போன மாதத்துச் சர்க்கரையோடு பெருக்கினால் கிடைப்பது எந்த நாளுக்கும் உரிய எண் அல்ல. பத்து மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று இந்த முறை சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் பயணத்துக்குப் பட்டினியோடு போனேன், சர்க்கரைக்கும் பணம் கட்டினேன். என் பங்கில் குறை ஒன்றும் இல்லை. தவறு நடந்தது என் கண்ணெதிரிலேயே. அப்போது அது தவறு என்று எனக்குத் தெரியவில்லை. குளிரில் கை விறைத்து நரம்பு தெரியவே இல்லை. அந்தப் பெண் மூன்று இடத்தில் குத்தி, மிகச் சிறிய நரம்பு ஒன்றிலிருந்து சிரிஞ்சால் பலமாக இழுத்தார். பிறகு ஊசியைக் கழற்றாமலே அதன் வழியாக ரத்தத்தைக் குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சினார். உள்ளே நுரை கட்டியது. குழாயை நன்றாகக் குலுக்கினார். சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் சேர்த்து அந்த ஒரே சிவப்பு மூடிக் குழாய்தான். மையத்தில் ரத்தத்தைச் சுழற்றி, அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரான சீரத்தைப் பிரிக்கும் இயந்திரம் கிடையாது. ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் வண்டி வரும்வரை மேசையில் இருந்தது. பிறகு மேட்டுப்பாளையம் மலைப்பாதை வழியாகக் கோவைக்குப் போய்ச் சேர்ந்து பிரிக்கப்பட்டபோது பதினொரு மணி ஆகியிருக்கிறது.

முடிவு: இன்சுலின் 5.1, சர்க்கரை 74. கணக்குப் போட்டால் 0.9. “சூப்பர் சார், ஒண்ணுமே இல்ல” என்றார் மையத்தில் இருந்தவர்.

டாக்டர் அம்மா அந்தத் தாளில் எண்களை விட்டுவிட்டுக் கடைசி வரியைப் படித்தார். சின்ன எழுத்தில் ‘ஹீமோலைஸ்டு’ என்று இருந்தது. அதாவது சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோயிருக்கிறது. சிவப்பணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அணு உடைந்தால் அது வெளியே வந்து, குழாயில் இருக்கும் இன்சுலினைத் தின்றுகொண்டே இருக்கும். எனவே உடைந்த மாதிரியில் இன்சுலின் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும். சர்க்கரைக்கும் இதே கதி. பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைச் செலவழிக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். “மூணு வருஷமா தொண்ணூறுக்குக் கீழே போகாதவருக்குத் திடீர்னு 74 வந்தா, உடம்பைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி குழாயைச் சந்தேகப்படணும்” என்றார் அவர். இரண்டு எண்களும் ஒரே திசையில் குறைந்ததால் பெருக்குத்தொகை இன்னும் குறைந்து, எனக்குப் பொய்யான நிம்மதியைத் தந்திருக்கிறது. பெரிய எண்ணாக இருந்தால் மறுபடி கேள்வி கேட்போம்; இப்படிச் சின்ன எண்ணாக வந்தால் பலர் தாளை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன்; ரிப்போர்ட் கொடுத்துவிட்டோமே என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

அன்றே டாக்டர் அம்மா இன்னொன்றும் கேட்டார்: முடி உதிர்வதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நான் சாப்பிடவில்லை, என் மனைவி சாப்பிடுகிறாள். சில இயந்திரங்களில் அந்த வைட்டமின் அளவு அதிகமாக ரத்தத்தில் இருந்தால் இன்சுலின் குறைவாகக் காட்டுமாம். எப்போது நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாம் முறை குன்னூரில், சுழற்றும் இயந்திரம் உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு முதலில் போன் செய்து மூன்று கேள்விகள் கேட்டேன். சர்க்கரைக்கு, அணுக்கள் அதைச் செலவழிப்பதைக் கட்டுப்படுத்தும் பொருள் கலந்த சாம்பல் நிற மூடிக் குழாய் தனியாக எடுப்பீர்களா? இன்சுலினுக்கு எடுத்த ரத்தத்தை அங்கேயே ஒரு மணி நேரத்துக்குள் பிரிப்பீர்களா? பிரித்த சீரம் குளிர்ப்பெட்டியில் போகுமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்த பிறகே முதல் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் வலது கையைக் கம்பளிக்குள் வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைத்தேன். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. ரத்தம் தானாகக் குழாயில் இறங்கியது, யாரும் குலுக்கவில்லை.

இன்சுலின் 16.8, சர்க்கரை 94. பெருக்கினால் 1579, 405-ஆல் வகுத்தால் 3.9.

இந்த எண்ணின் பொருளை எனக்குப் புரிய வைத்தது ஓர் ஒப்பீடு. அதே 94 சர்க்கரையை 6 யூனிட் இன்சுலினோடு வைத்திருப்பவருக்குக் கணக்கு 1.4 வரும். சர்க்கரை ரிப்போர்ட்டில் நாங்கள் இருவரும் ஒன்றுதான். ஆனால் என் கணையம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சுரந்துதான் அந்த 94-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போவதால், அது இன்சுலினின் சொல்லை முழுவதுமாகக் கேட்பதில்லை என்று டாக்டர் அம்மா விளக்கினார். வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு இருப்பதும் தெரிந்தது.

இதை வைத்துச் சர்க்கரை நோய் என்று யாரும் முடிவு செய்ய முடியாது. அதற்குச் சர்க்கரைப் பரிசோதனைகளே உண்டு. இன்சுலினை அளக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதாலும், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு இல்லாததாலும், 2.4-க்கும் 2.6-க்கும் இடையில் வித்தியாசம் தேடுவதில் பயன் இல்லை. என் விஷயத்தில் கழுத்துக் கறுப்பு, டிரைகிளிசரைடு, வயிற்றுச் சுற்றளவு, ஸ்கேன் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் 3.9-ஐ அவர் நம்பினார்.

மாத்திரை எதுவும் எழுதவில்லை. மாலை நாலு மணி வர்க்கியும் சர்க்கரை போட்ட மூன்று டீயும் நின்றன, இரவுச் சோறு பாதியானது, சாப்பிட்ட பின் தொழிற்சாலை வளைவுவரை நடக்கிறேன். ஆறு மாதம் கழித்து, அதே குன்னூர் ஆய்வகத்தில், அதே பத்து மணி நேரப் பட்டினியோடு எடுத்தபோது இன்சுலின் 10.2, சர்க்கரை 91, கணக்கில் 2.3, வயிற்றுச் சுற்றளவு 92. ஒப்பிட்டது 3.9-உடன் மட்டும்தான். முதல் இரண்டு தாள்களில் குறுக்கே கோடு போட்டு ‘டீ’, ‘உடைந்த மாதிரி’ என்று எழுதி, அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.